தேர் நாளில் வாசலுக்கு ஆள்: ஆறு மணி நேரக் கடமையா, இரண்டா, நாலா?

காலை 9.30. தேர் கிழக்கு வீதியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. கிழக்கு வாசலில் ஆறு தொண்டர்கள் நிற்க வேண்டும். நான் போய்ப் பார்த்தபோது இரண்டு பேர்தான் நின்றார்கள். அட்டவணைப்படி எல்லோருக்கும் 10 மணி வரை கடமை. மற்ற நாலு பேரும் வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரதமிருந்து, அதிகாலை 4 மணிக்கே வந்து நின்ற பிள்ளைகள் அவர்கள். வருசத்தில் ஒரு நாள் வரும் தேரைத் தொடாமல் நில் என்று எழுதிவைத்தது எங்கள் அட்டவணை. பிழை அதில்தான் இருந்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள எங்கள் கோயிலுக்கு நாலு வருசமாகத் தொண்டர் பட்டியல் போட்டு வருகிறேன். இந்த நாலு வருசத்தில் நாலு விதமாக ஆள் பிரித்துப் பார்த்திருக்கிறோம். எது எங்கே பொருந்தும், எது பொருந்தாது என்பதை, தேர் நாள் ஒன்றையே கணக்காக எடுத்து எழுதுகிறேன். ஒரு தேர் நாளைச் சரியாகப் போட்டுவிட்டால் மற்ற நாட்கள் தாமாக அமைந்துவிடும்.

முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். எங்கள் கோயிலுக்கு மூன்று வாசல். சனம் பெரும்பாலும் கிழக்கு வாசலால்தான் உள்ளே வரும். அங்கே ஆண், பெண் வரிசைகளைப் பிரிக்க வேண்டும், செருப்புக் கழற்றும் இடத்தில் நெரிசல் வராமல் பார்க்க வேண்டும், வயதானவர்களை ஒதுக்கி அனுப்ப வேண்டும். வடக்கு வாசல் வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தது. அம்புலன்ஸ் வருவதென்றாலும் அதுதான் வழி, அதனால் அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது. தெற்கு வாசல் கேணிப் பக்கம் வெளியேறும் வழி. அங்கே கூட்டம் குறைவு என்று நினைத்து ஆளை எடுத்துவிட்டால், வெளியே போகிறவர்களும் குறுக்கு வழியில் உள்ளே வருகிறவர்களும் அதே படியில் முட்டிக்கொள்வார்கள். எந்த வாசலிலும் தனி ஆளாக யாரையும் விடுவதில்லை என்பது எங்கள் முதல் விதி. ஒருவர் மயங்கி விழுந்தால் ஒருவர் தூக்கப் போவார், அப்போது வாசலில் நிற்க இன்னொருவர் வேண்டும்.

2014 இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முன் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைச் சனம் பெரும்பாலும் பாதை என்ற மிதவைப் படகில்தான் வந்து இறங்கும். ஒரு தடவைக்குப் பாதை எத்தனை பேரை ஏற்றுமோ அத்தனை பேர்தான் வருவார்கள், அடுத்த பாதை வரும்வரை மூச்சுவிட நேரம் இருக்கும். இப்போது பாலத்தால் பஸ்சும் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பழைய ஆட்கள் சொல்லும் "வாசலுக்கு ரெண்டு பேர் காணும்" என்ற கணக்கு பாதைக் காலத்துக் கணக்கு.

போன வருசம் வாசல்களில் நின்று எழுதிவைத்ததை வைத்து இந்த வருசத் தேவையை இப்படிப் போட்டோம்:

| நேரம் | கிழக்கு | வடக்கு | தெற்கு | மொத்தம் |
|---|---|---|---|---|
| காலை 4 – 7 | 4 | 2 | 2 | 8 |
| 7 – 12 | 6 | 4 | 4 | 14 |
| பகல் 12 – 4 | 2 | 2 | 2 | 6 |
| மாலை 4 – 8 | 6 | 4 | 2 | 12 |
| இரவு 8 – 10 | 4 | 2 | 2 | 8 |

ஓர் ஆள் ஒரு மணி நேரம் நிற்பதை ஓர் ஆள்-மணி என்று வைத்துக்கொண்டால், 18 மணி நேரத்துக்கும் சேர்த்து 182 ஆள்-மணி வேண்டும். பெயர் தந்தவர்கள் 46 பேர். தலைக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் வருகிறது. பார்க்கச் சுகமான கணக்குத்தான். ஆனால் ஆளை எப்படிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து இதே 46 பேர் போதாமலும் போவார்கள், மிச்சமாகவும் நிற்பார்கள்.

ஆறு மணி நேரக் கடமை

எங்கள் சபைப் பெரியவர்களுக்குப் பிடித்தது இதுதான். காலை 4 முதல் 10, 10 முதல் மாலை 4, 4 முதல் இரவு 10. மூன்றே பட்டியல், ஒரு தாளில் அடங்கிவிடும். "மூண்டு கூட்டம், மூண்டு தலைவன். இதுக்கு மேல என்ன கணக்கு மனே?" என்று கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் ஐயா கேட்டார். கேள்வி நியாயமானது. ஆள் மாறுவது குறைவாக இருந்தால் குழப்பமும் குறையும்தான்.

ஆனால் ஒரு முறைக்கு ஆள் போடும்போது அந்த முறைக்குள் வரும் உச்சத் தேவைக்குத்தான் போட வேண்டும். முதல் முறைக்கு 14, இரண்டாவதுக்கு 14, மூன்றாவதுக்கு 12. மொத்தம் 40 பேர், 240 ஆள்-மணி. தேவையோ 182. மிச்சம் 58 ஆள்-மணி வேலையில்லாமல் நிற்கும். அதில் பெரும்பகுதி பகல் வெயிலுக்குள் வரும்: 12 மணிக்குப் பிறகு ஆறு பேர் போதும், பட்டியலில் பதினாலு பேர். மிச்ச எட்டுப் பேரும் மரநிழலில் இருப்பார்கள், பிறகு வீட்டுக்குப் போவார்கள், அதைப் பார்த்து வாசலில் நிற்பவரும் போவார்.

அதைவிடப் பெரிய சிக்கல் 10 மணி மாற்றம். 9 மணிக்கு வடம் பிடிக்கிறார்கள், தேர் இருப்புக்கு வர 11.30 ஆகும். சரியாக அதன் நடுவில் மூன்று வாசலிலும் நிற்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மாறுகிறார்கள். வெளியிலிருந்து வரும் புது ஆள் தேர்க் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்கு வந்து சேர வேண்டும். பழைய ஆளோ 9 மணிக்கே வடத்தில் இருப்பார். நான் 9.30க்குக் கண்டது அதைத்தான்.

இன்னொன்று, ஆறு மணி நேரம் தொடர்ந்து நிற்க முடியும் என்று சொன்னவர்கள் 46 பேரில் 19 பேர் மட்டும்தான். தேவை 40. முடியாது என்று மற்றவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "பார்ப்பம்" என்பார்கள். எங்கள் ஊரில் "பார்ப்பம்" என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மணி நேரச் சுழற்சி

ஆறு மணி நேரம் படுத்திய பாட்டில் அடுத்த வருசம் நேர்மாறாகப் போனோம். ஒவ்வொரு இரண்டு மணிக்கும் ஆள் மாற வேண்டும். 46 பேருமே இதற்குச் சம்மதம். இரண்டு மணி நேரத்துக்குள் தனியாக இளைப்பாறல் கொடுக்கவும் தேவையில்லை. ஆள்-மணியும் வீணாகவில்லை, மொத்தம் 188தான் வந்தது.

வந்த கஷ்டம் வேறு. ஒன்பது முறை என்றால் எட்டு மாற்றம். மூன்று வாசலுக்கும் சேர்த்து 24 தடவை ஆள் கைமாற வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் பூட்டுச் சாவி யாரிடம், எந்தத் தடுப்பு அடைத்திருக்கிறது, தாயைத் தேடி அழும் பிள்ளையை எங்கே இருத்தியிருக்கிறோம் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்றாவது கைமாற்றத்துக்குள் பாதி விசயம் காணாமல் போகும். 94 இடம், 46 பேர். அதாவது ஒருவர் இரண்டு தடவை வர வேண்டும். கோயிலடியில் இருப்பவருக்குச் சரி. வாவிக்கு அந்தப் பக்கமிருந்து வருபவர் காலை ஆறு மணிக்கு நின்றுவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி மாலை நாலுக்கு வருவாரா? "மறுகா வாறன்" என்று போனவர்களில் பலர் வரவில்லை. அவர்கள் மீது கோபிக்க எனக்கு உரிமையும் இல்லை.

கழகத்துக்கு ஒரு வாசல்

மூன்றாவது வழியில் அட்டவணையே இல்லை. ஒரு விளையாட்டுக் கழகத்துக்குக் கிழக்கு வாசல், இன்னொன்றுக்கு வடக்கு, மற்றதுக்குத் தெற்கு என்று கொடுத்துவிட்டு, ஆளை அவர்களே பிரித்துக்கொள்ளட்டும் என்று விடுவது. இதற்கு ஒரு பலம் உண்டு. ஒருவர் வராவிட்டால் கழகத் தலைவர் தொலைபேசியில் பிடித்து இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். எங்களுக்கு அது இலேசில் முடியாது. மானப் பிரச்சினை வேறு: பக்கத்து வாசலில் ஆள் நிற்கும்போது தங்கள் வாசல் வெறுமையாக இருக்க விடமாட்டார்கள்.

தேர் நாளுக்கு நான் இதை வேண்டாம் என்பதற்குக் காரணம் ஒன்றுதான், பெண்கள் வரிசை. கழகங்களில் இருப்பது முழுக்கப் பொடியன்மார். நெரிசலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கை கொடுக்கவும், மயங்கிய அம்மாவின் சேலையைச் சரிசெய்யவும் பெண்தான் வேண்டும். கழகத்திடம் வாசலை முழுதாகக் கொடுத்தால் அந்த இடத்தில் யார் நிற்கிறார் என்று நமக்குத் தெரியவே தெரியாது. முதல் எட்டுத் திருவிழாவுக்கு இதுவே நல்ல வழி. அன்றைய உபயகாரக் குடியின் ஆட்களும் கழகமும் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள், கூட்டமும் தாங்கக்கூடியது. அந்த நாட்களை நாங்கள் இப்போதும் அப்படித்தான் விடுகிறோம்.

நாலு மணி நேரம், ஆனால் எல்லோரும் ஒன்றாக மாறாமல்

இப்போது தேர், தீர்த்தம் இரண்டு நாட்களுக்கும் நாங்கள் வைத்திருப்பது இது. எல்லோருக்கும் நாலு மணி நேரம்தான், தொடங்கும் நேரம் மட்டும் வேறு. ஒரு வாசலில் பாதிப் பேர் மாறும்போது மற்றப் பாதி அங்கேயே நிற்கும். தேவை எந்த மணியில் கூடுகிறதோ அந்த மணியில்தான் புதுக் கூட்டம் வரும்.

காலை 4 மணிக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். 7 மணிக்குத் தேவை பதினாலாகும்போது வாசலுக்கு இரண்டாக ஆறு பேர் சேர்கிறார்கள். 8 மணிக்கு முதல் எட்டுப் பேர் போக, புதிதாக எட்டுப் பேர். 11 மணிக்கு, 7 மணி ஆறு பேருக்குப் பதிலாக வேறு ஆறு பேர், ஒரு வாசலில் இரண்டு பேர் மட்டுமே மாறுகிறார்கள். 12 மணிக்கு அந்த எட்டுப் பேரும் போகலாம், 11 மணிக்கு வந்த ஆறு பேர் மூன்று மணி வரை பார்த்துக்கொள்வார்கள். 3 மணிக்கு ஆறு பேர், 4 மணிக்கு இன்னும் ஆறு பேர், இரவு 7 மணிக்கு ஆறு பேர், 8 மணிக்குக் கிழக்கு வாசலுக்கு மட்டும் இரண்டு பேர். கடைசி இரண்டு கூட்டமும் 10 மணியோடு முடிகிறது.

மொத்தம் 48 இடம். ஆள்-மணி கூட்டினால் 182. தேவையும் அதுவேதான், ஒரு மணி நேரமும் வீணில்லை. ஒரு வாசலில் நிற்பவர் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மாறுவது நாள் முழுக்க நாலு தடவை மட்டும்: பகல் 3 மணிக்கு மூன்று வாசலிலும், இரவு 7 மணிக்குத் தெற்கில். அந்த நாலுக்கும் மட்டும் புது ஆளைப் பத்து நிமிடம் முந்தி வரச் சொல்கிறோம். ஆறு மணி நேர முறையில் இப்படி ஆறு தடவை, அதில் பாதி தேர் ஓடும்போதே.

வடத்துக்கும் இதில் இடம் இருக்கிறது. பெயர் வாங்கும்போதே "வடம் பிடிப்பீர்களா?" என்று கேட்கிறோம். ஆம் என்றவருக்கு 4 முதல் 8, அல்லது பகலுக்குப் பிறகு. 7 மணிக்கும் 8 மணிக்கும் வருகிற பதினாலு பேரும் தேர் ஓடும்போது வாசலில் நிற்கச் சம்மதித்தவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், முழங்கால் நோவுள்ள அண்ணன்மார், அயல் ஊர்களிலிருந்து உதவிக்கு வருகிறவர்கள். போன தேருக்கு 9.30க்குக் கிழக்கு வாசலில் ஆறு பேரும் நின்றார்கள்.

குறையும் உண்டு. 48 இடத்தோடு இளைப்பாறலுக்கு மாற்றாள் எட்டு இடம் சேர்த்தால் 56. இரண்டு மணி நேரம் மட்டும் நிற்க முடிந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் இருவர் இரவு 8 மணிக்கு, மூவர் காலை 7 மணிக்கு யாராவது வராவிட்டால் போட. மீதி 54 இடத்தை 41 பேர் நிரப்ப வேண்டும், அதாவது 13 பேர் இரண்டு தடவை நிற்க வேண்டும். அந்தப் பதின்மூன்று பேரும் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பவர்கள். இரண்டு கடமைக்கும் நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் இருக்கும்படி போடுகிறோம், அதிகாலை 4 மணிக்கு நின்றவரை இரவுக்குப் போடுவதே இல்லை. ஆள் இன்னும் குறைந்தால் இந்த முறை உடையும். 35 பேர்தான் என்றால் நான் காலை 7 – 12க்குத் தெற்கு வாசலை இரண்டு பேராகக் குறைத்து, வெளியேறும் வழி என்று கயிறு கட்டிவிடுவேனே தவிர, யாரையும் எட்டு மணி நேரம் நிறுத்த மாட்டேன்.

இளைப்பாறல்

முதல் மூன்று வருசமும் "மாறி மாறிப் போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றுதான் சொன்னோம். போன ஆள் திரும்பி வர முக்கால் மணி நேரம். ஏன் என்று பின்னால்தான் விளங்கியது, அன்னதான மண்டபத்தில் அவரும் சனத்தோடு வரிசையில் நிற்கிறார். இப்போது தண்ணீர்ப்பந்தலுக்குப் பின்னால் ஒரு கிடுகுக் கொட்டில், நாலு கதிரை, மோர், தேத்தண்ணி, சோத்துப் பார்சல். வாசலை விட்டுப் போய்த் திரும்ப 20 நிமிடம் போதும்.

அந்த 20 நிமிடமும் வாசலில் ஆள் குறையக் கூடாது, அதனால்தான் மாற்றாள். நாலு மணி நேரத்தில் முதல் அரை மணியிலும் கடைசி அரை மணியிலும் இளைப்பாறல் கொடுப்பதில்லை. நடுவில் மூன்று மணி நேரம், 180 நிமிடம். ஒரு மாற்றாள் ஒன்பது பேரை விடுவிக்கலாம். அதிகாலை எட்டுப் பேருக்கு ஒருவர் போதும், காலைக் கூட்டத்துக்கும் மாலைக் கூட்டத்துக்கும் இரண்டிரண்டு பேர், இரவுக்கு ஒருவர். இரண்டு மாற்றாள் உள்ள கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் பெண், இல்லாவிட்டால் பெண்கள் வரிசையில் நிற்பவருக்கு இளைப்பாறலே கிடைக்காது.

பகல் 11 – 3க்கு ஆறு பேர்தான், ஆனாலும் மாற்றாள் இரண்டு. கச்சான் காற்று அடிக்கும் காலம் அது. காற்று அனலாக வரும், சீமெந்துத் தரை அடுப்பு மாதிரிச் சுடும், தொண்டர்கள் நிற்பது வெறுங்காலோடு. விரதக்காரர் பலர் தண்ணியைத் தவிர எதுவும் தொட மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது சாப்பாடு அல்ல, நிழலில் காலை நீட்டி இருக்க ஓர் இடம். இரண்டு தடவை இளைப்பாறல் கொடுக்கிறோம், நிற்கும் இடத்தில் நனைத்த சாக்கு விரிக்கிறோம். ஒருவர் கால் மாற்றி மாற்றி நிற்கத் தொடங்கினால், கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமானால், முறை வரும்வரை காத்திருக்காமல் உடனே அனுப்பிவிட வேண்டும். வியர்த்துக்கொண்டிருந்தவருக்கு வியர்வை நின்று உடல் சுட்டால் கொட்டிலுக்கு அல்ல, நேரே முதலுதவிக்காரரிடம்.

பட்டியல் நிரப்பும் ஒழுங்கு

"எப்ப வர ஏலும்?" என்று கேட்டால் எல்லோரும் "எப்பயும்" என்பார்கள். "எந்த நேரம் கட்டாயம் ஏலாது?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வரும். வாவிக்கு இரவில் வலை போடப் போகிறவர் காலை 9 மணிக்கு முன் வர மாட்டார். ஆஸ்பத்திரியில் இரவுக் கடமை முடித்தவரைக் காலையில் நிறுத்தக் கூடாது. சிறுபோக வெட்டுக் காலம் என்பதால், அறுவடை மெசின் எப்போது தன் வயலுக்கு வரும் என்று விவசாயிக்கே தெரியாது. அவரை மாற்றாளாகப் போடுகிறோம், வாசலில் போடுவதில்லை.

நிரப்பும்போது கிடைக்க அரிதானவர்களிலிருந்து தொடங்குங்கள். எங்களிடம் பெண்கள் 14 பேர். கிழக்கு வாசலில் எந்த நேரமும் இரண்டு பெண்கள் வேண்டும். இரவு 7 – 10க்குச் சம்மதித்தவர்கள் மூன்று பேர்தான். ஆகவே முதலில் எழுதியது இரவுக்கு இரண்டு அக்காமார் பெயரை. அடுத்து அதிகாலை 4 மணி, ஒரே ஒழுங்கையில் இருக்கும் இருவர் சேர்ந்து வரும்படி. பிறகு மற்ற நேரப் பெண்கள், பிறகு வடம் பிடிக்காதவர்கள், கடைசியில்தான் எந்த நேரமும் வரக்கூடிய இளைஞர்கள். தலைகீழாக நிரப்பினால் இளைஞர்கள் நல்ல நேரங்களை எடுத்துவிடுவார்கள், இரவு 8 மணிக்குப் பெண்கள் வரிசை வெறுமையாகும்.

விரிதாளில் போடுகிறவர்களுக்கு ஒரு சூத்திரம். A இல் பெயர், B இல் வாசல், C இல் தொடங்கும் மணி, D இல் முடியும் மணி, F இல் 4 முதல் 21 வரை மணிகள். 24 மணிக் கணக்கில் எழுதுங்கள்.

```
=COUNTIFS(B:B,"கிழக்கு",C:C,"<="&F2,D:D,">"&F2)
```

அந்த மணியில் கிழக்கு வாசலில் எத்தனை பேர் என்று இது சொல்லும். முடியும் மணிக்கு `>` போட்டிருப்பதைக் கவனியுங்கள். அதை `>=` ஆக்கினால் 8 மணிக்குப் போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து எண்ணப்பட்டு, இல்லாத ஆள் இருப்பதாகக் காட்டும். ஒரு வருசம் இதில் ஏமாந்தோம். மாற்றாளுக்கு B இல் வாசல் பெயர் எழுத வேண்டாம், "மாற்றாள்" என்றே எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டால் போதும் என்று நம்ப வேண்டாம். தேர் நாளில் அந்தக் குழுவில் தேர்ப் படங்கள்தான் வந்து நிறையும். ஒவ்வொரு வாசலிலும் அந்த வாசலின் பெயர்களை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டுகிறோம். முடியும் நேரத்தை "தேர் இருப்புக்கு வந்ததும்" என்று எழுதக் கூடாது. தேர் ஒரு மூலையில் அரை மணி நேரம் நின்றுவிட்டால் பட்டியல் முழுவதும் அதோடு சரியும். மணியை எழுதுங்கள்.

ஆள் வந்து நின்ற பிறகே ஆள் போகலாம் என்பது விதி. பத்து நிமிடம் பார்த்தும் வராவிட்டால் நிற்பவர் என்னைக் கூப்பிட வேண்டும், நான் மாற்றாளை அனுப்பி அவரை விடுவிப்பேன். போன தேருக்கு ஆள் வரவில்லை என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள், மூன்றும் அதிகாலை 4 மணிக்கும் 7 மணிக்கும் இடையில். இந்த வருசம் 4 மணிக் கூட்டத்து எட்டுப் பேரையும் முதல் நாள் இரவு கோயில் மடத்திலேயே படுக்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறோம். பெண்கள் இருவருக்கும் அது சரிவராது. அவர்கள் வீட்டுக்கு 3.30க்கு ஓட்டோ அனுப்ப ஒரு தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறான்.